தரகருக்கு எழுதும் முதல் மெயில்

சென்னையில் வாடகைக்கு விடுவதற்காக ஃப்ளாட் தேடும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் தரகருக்கு இப்படித்தான் எழுதுகிறார்கள்:

"சார், வணக்கம். சென்னையில் முதலீட்டுக்காக ஒரு நல்ல டபுள் பெட்ரூம் ஃப்ளாட் பார்க்கிறேன். பட்ஜெட் 60 லட்சம். வாடகை நன்றாக வர வேண்டும். ஏரியா நல்ல ஏரியாவாக இருக்க வேண்டும். ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்."

மறுநாள் வாட்ஸ்அப்பில் இருபது ஃப்ளாட்டுகளின் படங்கள் வந்து விழும். சோழிங்கநல்லூரில் ஒன்று, ஆவடியில் ஒன்று, இன்னும் அஸ்திவாரமே போடாத அடுக்குமாடி ஒன்று. இரண்டு வாரம் கழித்து நீங்கள் பதில் போடுவதை நிறுத்துவீர்கள், தரகரும் உங்களை மறந்துவிடுவார். இதில் தரகர் மேல் தவறு ஒன்றும் இல்லை. அந்த மெயிலில் அவர் ஒரு ஃப்ளாட்டைக்கூட ஒதுக்கித் தள்ள வழியில்லை. 60 லட்சம் என்றால் ஃப்ளாட்டின் விலையா, பத்திரச் செலவும் சேர்த்தா? 'நன்றாக' என்றால் எவ்வளவு? 'நல்ல ஏரியா' யாருக்கு நல்லது, உங்களுக்கா, குடிவரப்போகிறவருக்கா?

இந்த அத்தியாயம் அந்த மூன்று வரிகளைத் திருத்தி எழுதுவது பற்றியது. திருச்சியில் இருக்கும், பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கையில் 60 லட்சம் இருக்கிறது, கடன் வாங்கும் எண்ணம் இல்லை. சென்னையில் ஒரு பழைய ஃப்ளாட்டை வாங்கி வாடகைக்கு விட வேண்டும். தானே குடிபோகும் திட்டம் கிடையாது.

பட்ஜெட்: கையில் இருப்பது வேறு, ஃப்ளாட்டின் விலை வேறு

தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தமான ஃப்ளாட்டை வாங்கிப் பதிவு செய்ய முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் ஆகிறது. பத்திரத்தில் எழுதும் விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கணக்கு. கட்டுநரிடம் முதல் கையாக வாங்கும் புது ஃப்ளாட்டுக்கு 2023 டிசம்பர் முதல் கணக்கு வேறு: 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். ஆனால் கட்டி முடிக்காத ஃப்ளாட் என்றால் மேலே ஜிஎஸ்டி சேரும். ஆசிரியை பழைய ஃப்ளாட் தேடுவதால் 9 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். இந்த விகிதங்களை அரசு அவ்வப்போது மாற்றும். மெயில் எழுதும் நாளில் tnreginet.gov.in தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி கணக்கு. தரகருக்கு 1 சதவீதம். வக்கீலுக்கும் பத்திர எழுத்தருக்கும் சேர்த்து 25 ஆயிரம். பெயின்ட், குழாய், வயரிங், சமையலறை அலமாரி என்று குடிவைப்பதற்கு முன் ஆகும் வேலைக்கு சுமார் ஒன்றரை லட்சம். இவற்றைக் கழித்துப் பார்த்தால் 60 லட்சம் கையில் இருப்பவர் வாங்கக்கூடிய ஃப்ளாட்டின் விலை 53 லட்சம்தான். 53 லட்சத்துக்குப் பத்திரச் செலவு 4 லட்சத்து 77 ஆயிரம், தரகு 53 ஆயிரம், வக்கீல் 25 ஆயிரம், வீட்டு வேலை 1 லட்சத்து 45 ஆயிரம். கூட்டினால் சரியாக 60 லட்சம்.

அப்படியானால் மெயிலில் 53 என்று எழுதலாமா? வேண்டாம். தரகருக்கு விலையில் சதவீதக் கூலி. சென்னையில் பல தரகர்கள் வாங்குபவர், விற்பவர் இருவரிடமும் தரகு வாங்குகிறார்கள். உங்கள் உச்சவரம்பு விற்பவர் காதுக்குப் போனால் பேரம் அங்கிருந்துதான் தொடங்கும். அதற்காக 45 என்று பொய்யாகக் குறைத்து எழுதினால் உங்களுக்குப் பொருந்தும் ஃப்ளாட் கண்ணிலேயே படாமல் போகும். இதற்கு நடுவழி ஒன்று உண்டு. சொல்லும் விலையையும் முடியும் விலையையும் தனித்தனியாக எழுதுவது. "விற்பவர் 55 வரை சொன்னாலும் காட்டுங்கள். ஆனால் 51-க்கு மேல் முடிக்க மாட்டேன்" என்று எழுதினால் தரகருக்கு வேலை எளிது. மீதி இரண்டு லட்சம் உங்கள் மனதுக்குள் இருக்கட்டும்.

பட்ஜெட் வரியோடு இன்னும் ஒரு வாக்கியம் சேர வேண்டும்: முழுத் தொகையும் வங்கி வழியாக, முழு விலைக்கும் பத்திரம். வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டு மீதியை ரொக்கமாகக் கேட்கும் விற்பனையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீடு, மனை விற்பனைக்கு 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதைவிட, குறைத்துக் காட்டி வாங்கிய வீட்டை நாளை நீங்கள் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரியும், அதற்கான வரி உங்கள் தலையில் விழும். இந்த ரொக்க விஷயத்தைப் பேசி ஒத்துவராமல் போவதற்கு மூன்று வாரம் ஆகலாம். மெயிலில் எழுதிவிட்டால் அப்படிப்பட்ட ஃப்ளாட் வராமலே போய்விடும். கடன் வாங்குகிறவராக இருந்தால் எந்த வங்கி, எவ்வளவு, முன் ஒப்புதல் கிடைத்துவிட்டதா என்றும் சொல்லுங்கள். அனுமதி வரைபடத்துக்கு மாறாகக் கட்டிய கட்டடத்துக்கு வங்கி கடன் தர மறுக்கும் என்பது தரகருக்குத் தெரியும். அவர் அப்படிப்பட்டதைத் தவிர்த்துவிடுவார்.

வருமானம்: எதை எதால் வகுத்தது?

"4 சதவீதம் வாடகை வருமானம் வேண்டும்" என்று எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே ஃப்ளாட்டை 3.85 சதவீதம் என்றும் காட்டலாம், 2.2 சதவீதம் என்றும் காட்டலாம். இரண்டிலும் பொய் இருக்காது.

எப்படி என்று பார்ப்போம். விலை 53 லட்சம், வாடகை மாதம் 17 ஆயிரம். தரகர் 17 ஆயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கி 2 லட்சத்து 4 ஆயிரம் என்பார். அதை 53 லட்சத்தால் வகுத்தால் 3.85 சதவீதம். இனி நீங்கள் கணக்குப் போடுங்கள். குடியிருப்பவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் வருடத்துக்கு ஒரு மாதம் போகும் என்று வைத்தால் கைக்கு வருவது பதினோரு மாத வாடகை, 1 லட்சத்து 87 ஆயிரம். அந்த 17 ஆயிரத்துக்குள்ளேயே அசோசியேஷன் பராமரிப்புக் கட்டணம் 2,500 அடங்கியிருந்தால் வருடத்துக்கு 30 ஆயிரம் கழியும். சொத்து வரிக்கும் குடிநீர் வரிக்கும் 6 ஆயிரம், ரிப்பேருக்கு 12 ஆயிரம் வையுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புது ஆள் பிடிக்க ஒரு மாத வாடகை தரகாகப் போனால் வருடத்துக்கு 8,500. எல்லாம் போக நிற்பது 1 லட்சத்து 30 ஆயிரத்து 500. இதை வகுக்க வேண்டியது 53 லட்சத்தால் அல்ல, உங்கள் கையைவிட்டுப் போன 60 லட்சத்தால். விடை 2.2 சதவீதம்.

ஆகவே மெயிலில் சதவீதத்தை மட்டும் எழுதாதீர்கள். 'செலவு போக, மொத்த முதலீட்டின் மேல்' என்ற ஐந்து சொற்கள் அதோடு சேர வேண்டும். வருமான வரியை இதில் இழுக்க வேண்டாம். அது உங்களுக்கும் ஆடிட்டருக்கும் உள்ள விஷயம்.

தரகர் கால்குலேட்டரோடு உட்கார்ந்து இத்தனையும் போட்டுப் பார்ப்பார் என்று எதிர்பார்க்கவும் முடியாது. தெருவில் நின்றபடி மனக்கணக்காகப் பார்க்க அவருக்கு ஒரே ஓர் எண் வேண்டும். அந்த எண் இதுதான்: ஒரு லட்சம் விலைக்கு மாதம் எத்தனை ரூபாய் வாடகை, பராமரிப்பு நீங்கலாக.

மேலே சொன்ன செலவுகளை வைத்தே திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். ஆசிரியைக்கு 60 லட்சத்தின் மேல் செலவு போக 3 சதவீதம், அதாவது வருடம் 1 லட்சத்து 80 ஆயிரம் வேண்டும் என்றால், 53 லட்சம் ஃப்ளாட்டுக்குப் பராமரிப்பு நீங்கலாக மாதம் சுமார் 19 ஆயிரம் வாடகை வர வேண்டும். லட்சத்துக்கு 360 ரூபாய். இரண்டரை சதவீதம் போதும் என்றால் 16 ஆயிரம் வாடகை போதும், லட்சத்துக்கு 300 ரூபாய். இந்த இரண்டு எண்களையும் மெயிலில் எழுதுங்கள்: 360 வந்தால் உடனே கூப்பிடுங்கள், 300-க்குக் கீழே இருந்தால் அனுப்ப வேண்டாம். 45 லட்சம் ஃப்ளாட் என்றால் 13,500-க்குக் குறையாமல் வாடகை வேண்டும் என்று தரகர் நடந்துகொண்டே சொல்லிவிடுவார்.

இந்த எண்ணை வைக்கும்போது ஆசையும் நடப்பும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் குடியிருப்பு ஃப்ளாட்டின் மொத்த வாடகை வருமானம், செலவைக் கழிக்காமல், பொதுவாக விலையில் 2 முதல் 4 சதவீதத்துக்குள் இருக்கும். லட்சத்துக்கு 300 என்பதே 3.6 சதவீதம், அதாவது மேல் விளிம்பு. 360 என்பது 4.3 சதவீதம், அபூர்வம். "5 சதவீதம் செலவு போக" என்று எழுதினால் நேர்மையான தரகர் பதில் போட மாட்டார். பதில் போடுகிறவர் வாடகையை ஊதிக் காட்டுவார். வங்கி வைப்புத்தொகை வட்டியே இதைவிட அதிகம் என்று உங்களுக்குத் தோன்றினால் அது சரியான எண்ணம்தான். வாடகையும் வேண்டும், அடியில் இருக்கும் நிலத்தின் விலை ஏற்றமும் வேண்டும் என்பவர்தான் ஃப்ளாட் வாங்க வேண்டும்.

அதனால்தான் இந்த வரியோடு யூடிஎஸ் என்று எல்லோரும் சொல்லும் பிரிபடாத நிலப் பங்கையும் எழுத வேண்டியிருக்கிறது. வருடம் ஏற ஏறக் கட்டடத்தின் மதிப்பு குறையும், நிலத்தின் பங்கு மட்டும் நிற்கும். பழைய மூன்று மாடிக் கட்டடங்களில் ஃப்ளாட் பரப்பில் பாதிக்கு மேல் யூடிஎஸ் கிடைக்கும். உயரமான அடுக்குமாடிகளில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. பத்திரத்தில் எழுதியிருக்கும் யூடிஎஸ் குறைந்தது பாதி என்று ஆசிரியை கேட்கலாம்.

ஏரியா: பெயரை அல்ல, குடிவருபவரை எழுதுங்கள்

'அடையாறு அல்லது மயிலாப்பூர்' என்று எழுதும் முதலீட்டாளர் தான் குடியிருக்க விரும்பும் இடத்தை எழுதுகிறார். அங்கெல்லாம் விலை முழுக்க நிலத்தின் விலை. வாடகை அந்த வேகத்தில் ஏறுவதில்லை. 50 லட்சத்துக்கு அங்கே ஒழுங்கான ஃப்ளாட் கிடைப்பதும் கஷ்டம், கிடைத்தால் லட்சத்துக்கு 300 ரூபாய் வருவது அதைவிடக் கஷ்டம். பட்ஜெட், வருமானம், ஏரியா மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை. ஒன்றை இழுத்தால் மற்றது நகரும். மூன்றையும் இறுக்கிப் பிடித்து எழுதிய மெயிலுக்குச் சென்னையில் ஃப்ளாட்டே இருக்காது. எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஊர்ப்பெயருக்குப் பதில் யார் குடிவர வேண்டும் என்று எழுதினால் உங்களுக்குத் தோன்றாத தெருக்களையும் தரகர் காட்டுவார். முதலீட்டுக்குப் பார்க்க வேண்டியவை மூன்று வகை.

முதலாவது ஐடி வட்டாரம். பெருங்குடி முதல் நாவலூர், சிறுசேரி வரையுள்ள பழைய மகாபலிபுரம் சாலை. இங்கே குடிவருபவர்கள் இருவரும் வேலைக்குப் போகும் தம்பதிகள், அறை பகிர்ந்துகொள்ளும் இளைஞர்கள். வாடகை சட்டென்று கிடைக்கும், சட்டென்று காலியும் ஆகும். கம்பெனி வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னால் அந்தத் தெருவே காலியாகும் என்பதை 2020-ல் பார்த்தோம். புது அடுக்குமாடிகள் வந்துகொண்டே இருப்பதால் பழைய ஃப்ளாட்டின் வாடகை ஏறத் தயங்கும். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வளாகங்களில் பராமரிப்புக் கட்டணம் கோடையில் எகிறும்.

இரண்டாவது ரயிலடி வட்டாரம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் போல கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள பழைய குடியிருப்புகள். குடும்பங்கள் வருவார்கள். பிள்ளை பள்ளியில் சேர்ந்துவிட்டால் நாலைந்து வருடம் நகர மாட்டார்கள். வாடகை ஐடி வட்டாரத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் காலி மாதங்கள் குறையும். கட்டடங்கள் மூன்று மாடி, லிஃப்ட் இல்லாதவை அதிகம். மூன்றாவது மாடி மலிவாகக் கிடைக்கும், ஆனால் வயதானவர்கள் உள்ள குடும்பம் ஏறிப் பார்க்கவே யோசிக்கும்.

மூன்றாவது பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரி, தொழிற்பேட்டையை ஒட்டிய இடம். மருத்துவக் கல்லூரி இருக்கும் போரூர், தொழிற்பேட்டை இருக்கும் அம்பத்தூர் இந்த வகை. செவிலியர்கள், மாணவர்கள், கம்பெனி சூப்பர்வைசர்கள் என்று ஆள் பஞ்சம் இருக்காது. சிங்கிள் பெட்ரூம் ஃப்ளாட்டுக்கு லட்சத்துக்குக் கிடைக்கும் வாடகை நன்றாக இருக்கும். ஆனால் ஆள் அடிக்கடி மாறுவதால் பெயின்டும் தரகும் கூடுதலாகப் போகும். ஆசிரியை திருச்சியில் இருந்துகொண்டு வருடா வருடம் ஆள் பிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

அவருக்கு இரண்டாவது வகை பொருந்தும். அதை முதல் விருப்பமாகவும் மூன்றாவதை அடுத்ததாகவும் எழுதலாம்.

வேண்டாதவற்றையும் எழுதுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்ற தெருக்கள் முதலில் விலக வேண்டும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் மட்டும் அல்ல, தாம்பரத்துக்கு அருகே முடிச்சூர் வரை இப்படிப்பட்ட தெருக்கள் உண்டு. ஒரே ஊரில் மேட்டுத் தெருவும் இருக்கும், பள்ளத் தெருவும் இருக்கும். ஊர்ப்பெயரைச் சொல்லித் தள்ளாமல் "2015-லும் 2023-லும் தெருவில் தண்ணீர் நின்றதா?" என்று கேளுங்கள். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடமும் அதையே கேளுங்கள். தண்ணீர் எதுவரை வந்தது என்று அவர் சுவரில் கைவைத்துக் காட்டுவார்.

மெயில்

இனி ஆசிரியையின் மெயில் முழுதாக.

பொருள்: குரோம்பேட்டை–தாம்பரம் பகுதியில் வாடகை முதலீட்டுக்குப் பழைய ஃப்ளாட், 51 லட்சம் வரை

வணக்கம் சார்,

நான் திருச்சியில் வசிக்கிறேன். சென்னையில் வாடகைக்கு விடுவதற்காக மட்டும் ஒரு ஃப்ளாட் வாங்க விரும்புகிறேன். நான் குடிவரப் போவதில்லை. மூன்று மாதத்துக்குள் முடிக்க எண்ணம்.

விலை: விற்பவர் 55 லட்சம் வரை சொன்னாலும் பார்க்கலாம். முடிக்கும் விலை 51-க்கு மேல் போகாது. வங்கிக் கடன் இல்லை. முழுத் தொகையும் வங்கி வழியாக, முழு விலைக்கும் பத்திரம். ரொக்கம் கேட்பவர் வேண்டாம். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாடகை: பராமரிப்புக் கட்டணம் நீங்கலாக, விலையில் ஒரு லட்சத்துக்கு மாதம் 300 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 360 வந்தால் உடனே போன் செய்யுங்கள். செலவு போக மொத்த முதலீட்டின் மேல் இரண்டரை முதல் 3 சதவீதம் வர வேண்டும் என்பது என் கணக்கு.

இடம்: குடும்பங்கள் வாடகைக்கு வரும் பகுதி. ரயில் நிலையத்துக்கு 15 நிமிட நடை. அடுத்த விருப்பம், பெரிய ஆஸ்பத்திரி அல்லது கல்லூரிக்கு அருகில் சிங்கிள் பெட்ரூம். 2015-லும் 2023-லும் தண்ணீர் நின்ற தெரு வேண்டாம். தரைத்தளம் வேண்டாம். லிஃப்ட் இல்லாவிட்டால் மூன்றாவது மாடி வேண்டாம்.

கட்டடம்: 20 வருடத்துக்குள். பத்திரத்தில் உள்ள யூடிஎஸ் ஃப்ளாட் பரப்பில் பாதியாவது இருக்க வேண்டும். அனுமதி பெற்ற வரைபடம் அவசியம்.

விட்டுக்கொடுக்கக் கூடியவை: கார் நிறுத்துமிடம், முகப்பு, எந்தத் திசை வாசல், கட்டடத்தின் வயதில் ஐந்து வருடம்.

பொருத்தமானது இருந்தால் இந்த ஆறு விவரங்களோடு அனுப்புங்கள்: விலை, இப்போதைய வாடகை, பராமரிப்பு எவ்வளவு அதை யார் கட்டுகிறார், யூடிஎஸ், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இப்போது குடியிருப்பவர் உண்டா. படங்கள் பிறகு போதும்.

உங்கள் தரகு 1 சதவீதம், பத்திரம் பதிவான அன்று. சரியா என்று பதிலில் சொல்லுங்கள். நீங்கள் முதலில் காட்டிய ஃப்ளாட்டை வேறு தரகர் வழியாகப் பேச மாட்டேன்.

இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. கடைசி வாக்கியத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். காட்டிய பிறகு வேறு ஆள் வழியாக முடித்துவிடுவார்களோ என்பதுதான் தரகரின் தீராத பயம். அந்தப் பயம் போனால் நல்ல ஃப்ளாட்டை முதலில் உங்களிடம் சொல்வார். பெரும்பாலான தரகர்கள் வாட்ஸ்அப்பிலேயே வாழ்கிறார்கள் என்பதால் இதே எழுத்தை அங்கேயும் போட்டுவிடுங்கள். ஆனால் மெயில் இருக்கட்டும். தரகு எவ்வளவு என்று பின்னால் பேச்சு வந்தால் எடுத்துக் காட்ட அது உதவும்.

பதில் வந்த பிறகு

ஆசிரியைக்கு இரண்டு ஃப்ளாட் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று சோழிங்கநல்லூர் பக்கம், பெரிய வளாகம், 52 லட்சம், வாடகை 18 ஆயிரம். மற்றது குரோம்பேட்டையில் மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி, 48 லட்சம், வாடகை 15 ஆயிரம்.

முதல் பார்வைக்குச் சோழிங்கநல்லூர் ஜெயிக்கிறது. லட்சத்துக்கு 346 ரூபாய். ஆனால் மூன்றாவது விவரத்தைப் பார்த்தால் அந்த 18 ஆயிரத்தில் பராமரிப்பு 3,500 அடக்கம். கழித்தால் 14,500, லட்சத்துக்கு 279. வரம்புக்குக் கீழே. குரோம்பேட்டையில் பராமரிப்பைக் குடியிருப்பவரே தனியாகக் கட்டுகிறார், ஆகவே 15 ஆயிரமும் வாடகை. லட்சத்துக்கு 312. எல்லாச் செலவும் சேர்த்து முதலீடு 54 லட்சத்து 50 ஆயிரம் ஆகும். செலவு போக வருடம் 1 லட்சத்து 39 ஆயிரத்து 500 நிற்கும். 2.56 சதவீதம். நேரில் போய்ப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

போவதற்கு முன் அந்த 15 ஆயிரம் உண்மைதானா என்று பாருங்கள். விற்பதற்காகவே தெரிந்தவர் ஒருவரை அதிக வாடகைக்கு ஒப்பந்தம் போட்டு உட்காரவைப்பது உண்டு. ஒப்பந்தம் போட்டு இரண்டே மாதம்தான் ஆகியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஒப்பந்தத்தோடு கடந்த ஆறு மாத வாடகை வங்கியில் வரவான பக்கத்தையும் கேளுங்கள். அதே தெருவில் டூ-லெட் போர்டு தொங்கும் இரண்டு வீட்டுக்கு வாடகைக்குக் கேட்பதுபோல் போன் செய்யுங்கள். மூன்று தொகையும் ஆயிரம் ரூபாய் வித்தியாசத்துக்குள் இருந்தால் நம்பலாம்.

ஆள் குடியிருக்கும் ஃப்ளாட்டில் இன்னொன்றும் மறக்கப்படுகிறது. அவர் கொடுத்த அட்வான்ஸ் பழைய உரிமையாளரிடம் இருக்கும். காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டியவர் நீங்கள். அந்த ஒரு லட்சத்தையோ ஒன்றரை லட்சத்தையோ விலையில் கழித்துக்கொள்ளாமல் பத்திரம் முடித்தால் பட்ஜெட்டில் ஓட்டை விழும். குடியிருப்பவரிடம் நேரில் பேசி எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. இது கூடுதல் செலவு அல்ல. விற்பவருக்குத் தரவேண்டிய தொகையிலிருந்து பிடிப்பது. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விகிதமும் நடைமுறையும் வேறு, தொகையும் பெரிது. மெயிலில் அந்தக் கேள்வியை முதலிலேயே வைத்தது இதனால்தான்.

இரண்டு வாரத்தில் ஒரு பதிலும் வரவில்லை என்றால் தரகரை மாற்றும் முன் மெயிலைத் திரும்பப் படியுங்கள். லட்சத்துக்கு 300 என்பதைத் தளர்த்த முடியாதென்றால் ரயிலடியை விட்டுச் சிங்கிள் பெட்ரூமுக்குப் போகலாம். ரயிலடியை விட முடியாதென்றால் 280-க்கு இறங்கலாம். இரண்டில் ஒன்றை மாற்றி, எதை மாற்றினீர்கள் என்று முதல் வரியிலேயே எழுதி, அதே தரகருக்கு மீண்டும் அனுப்புங்கள். அட்வான்ஸ் கொடுப்பது மட்டும் 30 வருட வில்லங்கச் சான்றிதழையும் மூலப் பத்திரத்தையும் வக்கீல் பார்த்துச் சரி என்ற பிறகுதான்.